கேஸ் ஷீட்டில் பல் எண்ணை மாற்றி எழுதிவிட்டேன், தாளை உருவிவிடலாமா?

வேர்முனை:

இறுதியாண்டு பல் மருத்துவ மாணவன் நான். போன வாரம் 12ஆம் தேதி ஒருவருக்குக் கீழ் இடது முதல் கடைவாய்ப்பல்லில், அதாவது 36இல், வேர் சிகிச்சை தொடங்கினேன். நேற்று அவர் இரண்டாம் அமர்வுக்கு வந்தார். ஃபைலைத் திறந்தால் என் கையெழுத்தில் 46 என்று இருக்கிறது. கீழ் வலது! அதற்குக் கீழே மேற்பார்வையில் இருந்த மேமின் கையெழுத்தும் இருக்கிறது.

பதறாதீர்கள், சிகிச்சை சரியான பல்லில்தான் நடந்திருக்கிறது. தப்பு எழுத்தில் மட்டும்தான். நான் எழுதியது இது: "46 ஆக்ஸஸ் ஓப்பனிங். இடது கீழ்த்தாடை நரம்புக்கு மரப்பு ஊசி, 1:80,000 அட்ரினலின் கலந்த 2% லிக்னோகைன், 1.8 மி.லி. மூன்று கால்வாய்களுக்கும் வேலை நீளம் எடுக்கப்பட்டது. தற்காலிக அடைப்பு."

ஒரு சீனியர் அண்ணா, "தாளை உருவிவிட்டுப் புதிதாக எழுது, மேமிடம் பத்தோடு பதினொன்றாக நீட்டிக் கையெழுத்து வாங்கிவிடு" என்கிறார். இன்னொருவர் ஒயிட்னர் போதும் என்கிறார். எங்கள் வகுப்பு வாட்ஸாப் குழுவில் அந்தப் பக்கத்தைப் படமெடுத்துப் போட்டுக் கேட்டேன். உருப்படியாக ஒரு பதிலும் வரவில்லை. அதனால்தான் இங்கே.

சொந்தக்கிளினிக்:

இதற்கா இவ்வளவு கவலை? ஒயிட்னர் வேண்டாம். 46ஐ ஒற்றைக் கோட்டால் அடித்துவிட்டு மேலே 36 என்று எழுது, பக்கத்தில் உன் சுருக்கொப்பம். முடிந்தது. நான் பத்து வருடமாக இப்படித்தான் செய்கிறேன்.

நாளைக்கு ஏதாவது ஆனாலும் நீ மாணவன். கீழே யார் கையெழுத்துப் போட்டாரோ அவர்தான் பதில் சொல்ல வேண்டும். உனக்குச் சட்டப்படி ஒன்றும் கிடையாது, நிம்மதியாகத் தூங்கு.

பழையவாத்தியார்:

ஒற்றைக் கோடு என்று கிளினிக்காரர் சொன்னது சரி. மீதியில் எனக்குச் சம்மதமில்லை. சட்டம் பற்றி யாராவது தெரிந்தவர் வரட்டும், நான் தாளைப் பற்றிப் பேசுகிறேன்.

தம்பி, அந்தத் தாளை உருவாதே. ஃபைல் என்பது ஒரு தாள் என்று உங்கள் சீனியர் நினைக்கிறார். அன்றைய சிகிச்சைக்கு எக்ஸ்ரே பதிவேட்டில் ஒரு வரி இருக்கும், பணம் கட்டிய ரசீது இருக்கும், கருவிகளைக் கிருமிநீக்கிய பட்டியல் இருக்கும். பக்கத்தை நோயாளியே கைபேசியில் படமெடுத்து வைத்திருக்கலாம், இப்போது நிறையப் பேர் எடுக்கிறார்கள். நீ புதிதாக எழுதும் தாள் இவற்றில் ஒன்றோடு முரண்பட்டால் போதும். 46 என்பது கைதவறு என்று யாரும் ஒப்புக்கொள்வார்கள். காணாமல் போன தாளைக் கைதவறு என்று யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அதற்குப் பிறகு அந்த ஃபைலில் நீ நேர்மையாக எழுதிய மற்ற வரிகளும் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

இன்னொன்றைக் கவனித்தாயா? உன் பதிவே உனக்குச் சாட்சி சொல்கிறது. 46 என்று எழுதிய அதே வரியில் மரப்பு ஊசி இடது பக்கம் என்று எழுதியிருக்கிறாய். வலது பல்லைத் திறக்க யாரும் இடது பக்கம் ஊசி போடுவதில்லை. வேலை நீள எக்ஸ்ரேயில் ஃபைல் கருவி இருப்பது எந்தப் பக்கம் என்றும் பார்க்கலாம். இந்த முரண்பாடு உன்னைக் காப்பாற்றும். பழைய தாள் இருந்தால்தான் காப்பாற்றும்.

ஒற்றைக் கோடு போடு, கீழே இருப்பது படிக்கத் தெரிய வேண்டும். ஆனால் சுருக்கொப்பத்தோடு விட்டுவிடாதே. என்ன மாற்றினாய், எதை வைத்து மாற்றினாய், எப்போது மாற்றினாய் என்பது வேண்டும். ஓரத்தில் இடமிருக்காது. அதனால் ஃபைலில் கடைசிப் பதிவுக்குக் கீழே புதிய பதிவாகவே எழுது. நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"திருத்தம், 20ஆம் தேதி காலை 10.40. 12ஆம் தேதி பதிவில் 46 என்று எழுதியது தவறு. சிகிச்சை செய்த பல் 36, கீழ் இடது முதல் கடைவாய்ப்பல். அன்றைய வேலை நீள எக்ஸ்ரே, இடப்பக்க மரப்பு ஊசிக் குறிப்பு, இன்று வாயில் காணும் தற்காலிக அடைப்பு ஆகியவற்றோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்டது. தவறு 19ஆம் தேதி கவனிக்கப்பட்டது."

"இன்று வாயில் காணும்" என்பதை நோயாளி எதிரில் இருந்தால் மட்டும் எழுது. நேற்று பார்த்திருந்தால் நேற்று என்று எழுது. தேதியை முன்தள்ளவும் கூடாது. நேற்றுக் கவனித்து இன்று எழுதினால் இரண்டு தேதியும் வரட்டும், ஒரு நாள் தாமதம் ஒரு குற்றமே இல்லை. பிறகு 12ஆம் தேதி கையெழுத்திட்ட அதே மேமிடம் காட்டி ஒப்பம் வாங்கு. அவர் விடுப்பில் இருந்தால் பொறுப்பில் இருப்பவரிடம் வாங்கலாம், அதையும் எழுதிவிடு.

கடைசியாக ஒன்று. ஒப்புதல் படிவத்தில் என்ன எண் இருக்கிறது என்று பார்த்தாயா?

வேர்முனை:

பார்த்தேன் சார். ஒப்புதல் படிவத்திலும் சிகிச்சைத் திட்டத்திலும் 36 என்றுதான் இருக்கிறது. அன்றைய பதிவில் மட்டும் 46. எதிரில் உட்கார்ந்திருப்பவரின் இடது, என் வலது. மாலை ஐந்தரைக்கு அவசரமாக எழுதினேன்.

ஆவணஅறை:

நான் பல் மருத்துவர் இல்லை, ஒரு மருத்துவமனையில் ஆவணப் பிரிவில் வேலை. எல்லோரும் 46ஐப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். தம்பி, குழுவில் போட்ட படத்தில் நோயாளியின் பெயர் தெரிகிறதா?

வேர்முனை:

பக்கம் முழுவதும் தெரிகிறது. மேலே பெயர், வயது, கைபேசி எண். அதற்குக் கீழே மருத்துவ வரலாறு. அதில் ஹெபடைடிஸ் பி பாசிட்டிவ் என்று இருக்கிறது. குழுவில் 86 பேர். எல்லோரும் எங்கள் வகுப்புதான், வெளியாட்கள் இல்லை.

ஆவணஅறை:

வெளியாட்கள்தான். அந்த 86 பேரில் அவருக்குச் சிகிச்சை செய்பவர் நீ ஒருவன்தான். மற்றவர்களுக்கு அந்தத் தகவல் தெரிய ஒரு காரணமும் இல்லை. ரகசியம் காப்பது என்பது கல்லூரிச் சுவரோடு நிற்பதல்ல, அந்த நோயாளியின் சிகிச்சையில் பங்குள்ளவர்களோடு நிற்பது.

இதைப் படித்த உடனே செய்ய வேண்டியது: படத்தை "எல்லோருக்கும் நீக்கு" கொடு. அதற்குக் காலக்கெடு உண்டு, தாண்டிவிட்டால் உன் கைபேசியில் மட்டும்தான் போகும். நீக்கிவிட்டதோடு முடிந்தது என்றும் நினைக்காதே. தானாகப் பதிவிறங்கும்படி வைத்திருப்பவர்களின் கேலரியில் அது ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும், அங்கிருந்து மேகச் சேமிப்புக்கும் போயிருக்கும். குழுவில் வெளிப்படையாகக் கேள், கேலரியிலிருந்தும் அழித்துவிட்டுப் பதில் போடச் சொல். யார் யார் பதில் போட்டார்கள் என்று குறித்து வை. உன் கைபேசியிலும் அழி.

பிறகு மேமிடம் எழுத்தில் சொல். என்ன படம், எத்தனை மணிக்குப் போட்டாய், எத்தனை மணிக்கு நீக்கினாய், என்னென்ன தகவல் தெரிந்தது. இதை மறைத்தால் உனக்கு மட்டும் சிக்கலில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு விதிப்படி, பாதிப்பு வர வாய்ப்புள்ள இத்தகைய கசிவை நிறுவனம் அறிந்த 72 மணி நேரத்துக்குள் கண்காணிப்பு அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும். மற்ற இடங்களில் விதி வேறாக இருக்கலாம். ஆனால் நிறுவனத்துக்குத் தெரியாமல் அது எதையும் செய்ய முடியாது. முதல் செய்தி நோயாளியின் வாயிலிருந்து வருவதைவிட உன் வாயிலிருந்து வருவது மேல்.

சொந்தக்கிளினிக்:

கொஞ்சம் மிகைப்படுத்துகிறீர்கள். பெயரை மறைத்துவிட்டுப் போட்டிருந்தால் எந்தப் பிரச்சினையும் இல்லை. கேஸ் விவாதம் செய்யாமல் மாணவர்கள் எப்படிப் படிப்பது?

ஆவணஅறை:

விவாதம் செய்யட்டும். இவருடைய கேள்விக்கு நோயாளியின் படமே தேவையில்லையே. "பல் எண்ணை மாற்றி எழுதிவிட்டேன், என்ன செய்வது?" என்று ஒரு வரி தட்டினால் போதும், இங்கே அதைத்தானே செய்திருக்கிறார்.

பெயரை மறைப்பது பாதி வேலைதான். டிஜிட்டல் எக்ஸ்ரேயின் மூலையில் பெயரும் பதிவு எண்ணும் பதிந்திருக்கும், கோப்பின் பெயரிலேயே பதிவு எண் இருக்கும். முகப் படத்தில் கண்ணுக்கு மேல் கறுப்புப் பட்டை போடுவார்கள், தெரிந்தவர் வாயை வைத்தே கண்டுபிடித்துவிடுவார். யாருக்கும் இல்லாத அபூர்வ நோய் என்றால் வயதும் ஊரும் போதும்.

வலிக்குதுங்க:

எனக்கும் 46தான். எக்ஸ்ரே எடுத்து மூன்று மாதம் ஆகிறது, இன்னும் வலிக்கிறது. வேறு மருத்துவரிடம் போகலாமென்று எக்ஸ்ரேயைக் கேட்டால், அது எங்கள் ஆவணம், தர முடியாது என்கிறார்கள். நீங்கள் எல்லோரும் பல் மருத்துவர்கள் போலிருக்கிறது, இப்படிச் செய்யலாமா?

பழையவாத்தியார்:

அம்மா, இங்கே 46 என்பது இந்தத் தம்பி தவறி எழுதிய எண். உங்கள் பல்லைப் பற்றி இல்லை. இருந்தாலும் கேட்டுவிட்டீர்கள். அசல் அவர்களிடம் இருக்க வேண்டியதுதான், அதைப் பாதுகாக்கும் கடமை அவர்களுடையது. ஆனால் நகல் கேட்கும் உரிமை பல நாடுகளில் நோயாளிக்கு உண்டு. எக்ஸ்ரேயைக் கொடுங்கள் என்று வாயால் கேட்காமல், நகல் வேண்டும் என்று தேதி போட்டு எழுதிக் கொடுங்கள். பெரும்பாலும் அதிலேயே வந்துவிடும். மூன்று மாத வலிக்கு எக்ஸ்ரே வரட்டும் என்று காத்திருக்காதீர்கள், புதிய மருத்துவர் தேவையென்றால் புதிதாக எடுத்துக்கொள்வார்.

முதல்வருடநிலா:

இடையில் ஒரு சந்தேகம். எங்கள் கிளினிக்கில் ஹெபடைடிஸ், எச்ஐவி நோயாளிகளின் ஃபைல் அட்டையில் சிவப்பு மையில் பெரிதாக எழுதுவார்கள். எல்லோருடைய பாதுகாப்புக்கும் என்கிறார்கள். அது தப்பா?

பழையவாத்தியார்:

தப்புதான், பல இடங்களில் இன்னும் நடக்கும் தப்பு. அட்டையை வரவேற்பு மேசையில் இருப்பவர் பார்ப்பார், வரிசையில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரும் பார்ப்பார். பாதுகாப்பு என்ற காரணமும் நிற்காது. கையுறை, முகக்கவசம், கருவி கிருமிநீக்கம் எல்லா நோயாளிக்கும் ஒன்றுதான், ஏனென்றால் தனக்குத் தொற்று இருப்பதே தெரியாதவர்கள் உண்டு. சிவப்பு மை இல்லாத ஃபைலைப் பார்த்ததும் கை தளரும், அதுதான் ஆபத்து. உள்ளே மருத்துவ வரலாற்றுப் பக்கத்தில் எழுதுங்கள், பல் பிடுங்கும் முன் ஈரல் பாதிப்பால் ரத்தம் உறையத் தாமதமாகுமா என்று பார்க்க அது தேவை.

சட்டம்படித்தவள்:

வழக்கறிஞர், மருத்துவக் கவனக்குறைவு வழக்குகள் பார்க்கிறேன். "மாணவனுக்குச் சட்டப்படி ஒன்றும் கிடையாது" என்று மேலே ஒருவர் எழுதியிருப்பதைப் படித்துவிட்டுத்தான் உள்ளே வந்தேன்.

இங்கிலாந்தில் வில்ஷர் வழக்கு என்று ஒன்று உண்டு, 1986இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குறைமாதக் குழந்தைக்கு ரத்தத்தில் ஆக்சிஜனை அளக்கும் குழாயை ஒரு இளநிலை மருத்துவர் தமனியில் செலுத்துவதற்குப் பதிலாகச் சிரையில் செலுத்திவிட்டார். அளவு குறைவாகக் காட்டியது, குழந்தைக்கு ஆக்சிஜன் அளவுக்கு மீறிப் போனது. நான் அனுபவமில்லாதவன் என்பதைத் தற்காப்பாக நீதிமன்றம் ஏற்கவில்லை. அந்தப் பணியில் இருப்பவரிடம் எந்தத் தரம் எதிர்பார்க்கப்படுமோ அதே தரம்தான் என்றது. ஆனால் அவர் எக்ஸ்ரேயை மூத்த மருத்துவரிடம் காட்டிச் சரிபார்க்கச் சொல்லியிருந்தார். மூத்தவர்தான் கவனிக்கத் தவறினார். கேட்டதன் மூலம் இளையவர் தன் கடமையைச் செய்துவிட்டார் என்று அவர் தப்பினார். குழந்தையின் பார்வை போனதற்கு ஆக்சிஜன்தான் காரணமா என்ற கேள்வியில் 1988இல் வழக்கு மறுவிசாரணைக்கு அனுப்பப்பட்டது, அது வேறு கதை.

இது இங்கிலாந்துத் தீர்ப்பு. உங்கள் நாட்டில் மாணவரின் நிலை, கல்லூரியின் காப்பீடு எல்லாம் வேறாக இருக்கும். ஆனால் இதிலுள்ள தர்க்கத்தைப் பாருங்கள். அவர் தப்பியது கீழே ஒரு கையெழுத்து இருந்ததால் அல்ல. குறிப்பிட்ட ஒன்றைக் காட்டி, குறிப்பாகக் கேட்டதால். பத்தோடு பதினொன்றாக நீட்டி வாங்கிய கையெழுத்தில் மேற்பார்வையாளர் எதைச் சரிபார்த்தார் என்று உங்களால் சொல்ல முடியுமா? இந்த 46க்குக் கீழேயே ஒரு கையெழுத்து இருக்கிறதே.

ரகசியம் விஷயத்தில் இந்தப் பாதுகாப்புகூட இல்லை. படத்தைப் போடச் சொல்லி யாரும் சொல்லவில்லை. அது முழுக்க உங்களுடைய செயல்.

சொந்தக்கிளினிக்:

சரி, வழக்கறிஞரம்மா சொன்னதை ஏற்கிறேன். நான் படித்த காலத்தில் எங்களுக்கு அப்படித்தான் சொன்னார்கள். ஆனால் நடைமுறையில் ஒரு மேற்பார்வையாளருக்குப் பதினைந்து மாணவர்கள். குறிப்பாகக் கேள் என்றால் எப்படி?

பழையவாத்தியார்:

கேட்டதை எழுது, அவ்வளவுதான். "மேற்பார்வையாளர் பார்த்தார்" என்று எழுதினால் அதில் ஒன்றுமில்லை. "வேலை நீள எக்ஸ்ரே காட்டப்பட்டது, மெசியல் கால்வாய்களில் 1 மி.மீ. குறைக்கச் சொன்னார், குறைத்து 20 மி.மீ. என வைக்கப்பட்டது" என்று எழுதினால் என்ன காட்டினாய், அவர் என்ன சொன்னார், நீ என்ன செய்தாய் மூன்றும் இருக்கிறது. தம்பியின் பதிவில் "மூன்று கால்வாய்களுக்கும் வேலை நீளம் எடுக்கப்பட்டது" என்கிறார். எத்தனை மி.மீ.? எந்த முகட்டிலிருந்து அளந்தார்? நாளைக்கு வேறு மாணவர் தொடர்ந்தால் அவர் மறுபடி முதலிலிருந்துதான் அளக்க வேண்டும். உண்மையைச் சொன்னால் எனக்கு 46ஐவிட இதுதான் பெரிய குறையாகப் படுகிறது.

பல் எண் பற்றியும் ஒரு பழக்கம் சொல்கிறேன். எண்ணுக்குப் பக்கத்தில் பல்லின் பெயரைச் சொல்லாலும் எழுதிவிடு. எஃப்.டி.ஐ. முறையில் 14 என்றால் மேல் வலது முதல் முன்கடைவாய்ப்பல். அமெரிக்கர்களின் 1 முதல் 32 வரையான முறையில் அதே 14 மேல் இடது முதல் கடைவாய்ப்பல். பல்சீரமைப்புக்காக "14ஐப் பிடுங்கவும்" என்று மட்டும் எழுதிய கடிதம் ஒன்று என் மேசைக்கு வந்திருக்கிறது. அனுப்பியவர் எந்த முறையில் படித்தவர் என்று தொலைபேசியில் கேட்ட பிறகுதான் ஊசியை எடுத்தேன்.

ஆவணஅறை:

கணினியில் எழுதுபவர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய பதிவைத் திறந்து 46ஐ அழித்து 36 ஆக்கினால் யாருக்கும் தெரியாது என்று நினைக்காதீர்கள். யார், எந்த நேரம், எதை எதாக மாற்றினார் என்பது பொதுவாகப் பின்னால் பதிவாகும். அங்கேயும் பின்னிணைப்பாகத்தான் எழுத வேண்டும். அப்புறம் மாணவர்கள் ஒரே கடவுச்சொல்லை ஐந்து பேர் பகிர்ந்துகொள்கிறார்கள். அதன் பிறகு உங்கள் பெயரில் யார் என்ன எழுதினாலும் அது நீங்கள் எழுதியதாகத்தான் இருக்கும்.

வேர்முனை:

நேற்று இரவே படத்தை நீக்கிவிட்டேன். குழுவில் கேட்டதில் 61 பேர் அழித்துவிட்டதாகப் பதில் போட்டார்கள். இன்று காலை மேமிடம் எழுதிக் கொடுத்தேன். திட்டுவார் என்று பயந்தேன், திட்டினார். 46க்காக இல்லை, படத்துக்காக. துறைத் தலைவருக்கு அனுப்பியிருக்கிறார். திருத்தப் பதிவை சார் சொன்ன மாதிரி எழுதினேன், மேம் ஒரு வார்த்தைகூட மாற்றாமல் ஒப்பமிட்டார்.

நோயாளியிடம் சொல்ல வேண்டுமா என்பதில்தான் குழப்பம். படம் கசிந்ததைக் கல்லூரியே சொல்லும் என்று மேம் சொல்லிவிட்டார். எண்ணை மாற்றி எழுதியதையுமா?

சொந்தக்கிளினிக்:

வேண்டாம். பல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. எண் தப்பு என்று சொன்னால் தப்பான பல்லைத் தோண்டிவிட்டாய் என்றுதான் அவருக்குக் கேட்கும். வீண் பயம்.

சட்டம்படித்தவள்:

நான் சொல்லச் சொல்வேன். அவர் நாளைக்கு நகல் வாங்கினால் கோடு போட்ட 46ஐத் தானே முதலில் பார்ப்பார்? அப்போது விளக்க நீங்கள் அங்கே இருக்க மாட்டீர்கள்.

பழையவாத்தியார்:

தீங்கு நடந்திருந்தால் சொல்லியே ஆக வேண்டும். இது எழுத்துப் பிழை. நான் சொல்லியிருப்பேன், ஆனால் சொல்லாதவரைக் குறை சொல்ல மாட்டேன்.

வேர்முனை:

இன்னொரு குண்டு. தேர்வுக்கான லாக் புத்தகத்திலும் இந்த கேஸைப் பதிந்திருக்கிறேன். இப்போதுதான் பார்த்தேன், அதிலும் 46. அதற்கும் அதே கோடு, அதே ஒப்பமா?

பழையவாத்தியார்:

அதே கோடு, அதே ஒப்பம். அந்தப் புத்தகத்தில் நோயாளியின் முழுப் பெயரும் இருக்கிறதா?

வேர்முனை:

இருக்கிறது. எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறோம், அதற்கென்று ஒரு கட்டமே அச்சடித்திருக்கிறார்கள். தினமும் பையில் வீட்டுக்குக் கொண்டுபோகிறேன்.

ஆவணஅறை:

அந்தக் கட்டத்தைப் பற்றித் துறைத் தலைவருக்கு இன்னொரு கடிதம் எழுது. அதுவரை பதிவு எண் மட்டும்.